நாற்பதாவது பெயர்

1984-இல் நான் மலேசியாவில் இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு புகுமுக வகுப்பில் ஓராண்டு என்று ஏறி வந்தவன். ஆண்டிறுதித் தேர்வில் முதல் நாற்பது பேருக்குத்தான் மூன்றாம் படிவத்தின் முதல் வகுப்பு. மூன்றாம் படிவ முடிவில் வரும் எஸ்.ஆர்.பி. அரசுத் தேர்வில் தேறாதவனுக்கு நான்காம் படிவம் கிடையாது என்பதால் அந்த நாற்பதில் ஒருவனாகிவிட எல்லாரும் தவித்தோம்.

புவியியல் தேர்வுக்கு முந்தின இரவு, லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து மர ரூலரின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். வடகிழக்குப் பருவக்காற்று, நவம்பரிலிருந்து மார்ச், கிளந்தான், திரங்கானு. நேராகப் பார்த்தால் வெறும் மரம். சன்னல் வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்தால் பென்சில் கோடு மின்னும். மறுநாள் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு 9 மதிப்பெண்.

இன்று மெல்பர்னில் ஒரு கல்லூரியில், தேர்வு முறைகேடுகளை விசாரிக்கும் குழுவில் இருக்கிறேன். எதிரே உட்காரும் பிள்ளைகள் சொல்வதெல்லாம் அன்று திண்ணையில் நான் எனக்கே சொல்லிக்கொண்டவை. யாருக்கும் நட்டமில்லை. கேள்வித்தாளே நியாயமில்லை. எல்லாரும் செய்கிறார்கள். வீட்டுக்காகச் செய்தேன். சைக்ஸ், மட்ஸா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் தவறு செய்யும் இளைஞர்களைப் பற்றி 1957-இல் எழுதியதில் ஒன்று என்னை உலுக்கியது. சாக்குகள் செயலுக்குப் பின்னால் மட்டும் வருவதில்லை. முன்னாலேயே வந்து வழியைத் திறந்து விடுகின்றன. அந்த இளைஞர்களுக்கு அது தவறென்று தெரியும். தெரியாதவனுக்குச் சாக்கு எதற்கு? நானும் முதலில் சாக்கைத்தான் தயார் செய்தேன், பென்சிலை அப்புறம்தான் சீவினேன்.

முடிவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நாற்பதாவது பெயர் என்னுடையது. நாற்பத்தொன்றாவது, எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பெண்ணுடையது. மொத்தத்தில் என்னைவிட 4 மதிப்பெண் குறைவு. என் 9-ஐ எடுத்துவிட்டால் கணக்கு என்னவென்று பலகை முன் நின்றபோதே தெரிந்துவிட்டது. யாருக்கும் நட்டமில்லை என்பதன் உண்மைப் பொருள், நட்டப்படுகிறவரின் முகத்தை நான் பார்க்கவில்லை என்பதுதான்.

கேள்வித்தாள் நியாயமில்லை என்ற சாக்குதான் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று மலாயில் புவியியல் எழுதுவது எங்களுக்குக் கூடுதல் சுமைதான். ஆனால் அதே சுமையை அவளும் சுமந்தாள். எனக்கு நடந்த அநியாயத்துக்கு ஈடாக நான் எடுத்துக்கொண்டது, அநியாயம் செய்தவர்களிடமிருந்து அல்ல, என்னைப் போலவே அதற்கு ஆளானவளிடமிருந்து. இன்னொன்றும் நடந்தது. மலாயில் தடுமாறுகிறவர்களுக்கு டீச்சர் மாலை வகுப்பு வைத்திருந்தார். என் மதிப்பெண்ணைப் பார்த்து, "உனக்கு இனி தேவையில்லப்பா" என்று பெயரை அடித்துவிட்டார். விடைத்தாள் வழியாக நான் அவரிடம் பொய் சொன்னேன், அவர் அதை நம்பி நடந்துகொண்டார்.

எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். அப்பா பால்வெட்டுக்காரர். விடிவதற்குள் ரப்பர் மர நிரைக்குப் போய், பகலில் வாளிகளைப் பால் ஸ்டோருக்குக் கொண்டுவருவார். கணக்கெழுதும் கிராணி எடை போட்டுவிட்டு மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். சிலர் ஆற்றுத் தண்ணீரைக் கலப்பார்கள். கேட்டால், "கிராணி மட்டும் யோக்கியமா?" என்பார்கள். அப்பா கலக்கமாட்டார். "எல்லாரும் கலந்தா வாளிக்கு என்னடா மதிப்பு?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். மற்ற வாளிகள் சுத்தமாக இருக்கும்வரைதான் கலந்த வாளிக்கு விலை. என் 9 மதிப்பெண்ணும் அப்படித்தான். மற்ற முப்பத்தொன்பது பேரும் படித்து எழுதியிருந்ததால்தான் நாற்பதாவது இடம் என்பதற்கு ஒரு பொருள் இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்று வாயால் சொன்னேனே தவிர, யாரும் செய்யக்கூடாது என்பதுதான் என் உள் ஆசை.

கடைசிச் சாக்கு அப்பாவே. அவருடைய முதுகுவலியைப் பார்த்துத்தான் அந்த ரூலரில் எழுதினேன் என்று உண்மையாகவே நம்பினேன். குழுவில் இப்படிச் சொல்லும் பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "யாருக்காகச் செய்தீர்களோ, அவரிடம் இதைச் சொல்வீர்களா?" பெரும்பாலும் தலை கவிழ்ந்துவிடும். நானும் சொல்லவில்லை. பட்டியலில் என் பெயர் வந்த அன்று அப்பா கடையில் ஒரு பாக்கெட் மைலோ வாங்கி வந்து, தானே கலக்கி மங்கில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது.

அந்தப் பெண் மூன்றாம் படிவத்தை இரண்டாவது வகுப்பில் படித்தார். அதன்பின் எஸ்.ஆர்.பி. தேறவில்லை. முதல் வகுப்பில் இருந்திருந்தால் தேறியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சாக்காக வைத்துத்தான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது ஈப்போவில் இருக்கிறார், நம் சங்கத்தின் உறுப்பினர். இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும்.