பன்னிரண்டு பாகையா, பதினைந்து பாகையா

ஜூன் 4

எங்கள் ஆளில்லா விமானத்தின் இறக்கைக்கு முதல் ஓட்டம் முடிந்தது. கணினி 15 பாகைத் தாக்குக் கோணம் வரை இறக்கை தாங்கும் என்றது. காற்றுச் சுரங்கத்தில் 12 பாகையிலேயே ஏற்றுவிசை சரிந்துவிட்டது.

ஜூன் 5

4 பாகையில் இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்திருப்பதைக் காட்டி அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்கிறார்கள். எனக்கு அதில் மகிழ ஒன்றும் தெரியவில்லை. காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் வரை, பிசுக்குமையைக் கணக்கிலேயே எடுக்காத பழைய சூத்திரங்கள்கூட ஏற்றுவிசையைச் சரியாகத்தான் சொல்லும். காற்று பரப்பை விட்டுப் பிரியத் தொடங்கும் இடத்தில்தான் கணிப்பு முறையின் தரம் தெரியும். நமக்குள்ள மூன்று பாகை வித்தியாசம் அங்கேதான் நிற்கிறது. தரையிறங்கும் வேகத்தை முடிவு செய்வதும் அதே மூன்று பாகைதான்.

ஜூன் 7

சுரங்கத்தை இயக்கும் அண்ணன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பும் பின்பும் காற்றை நிறுத்தி, விசையை அளக்கும் தராசின் பூஜ்யத்தைப் பதிவு செய்கிறார். "தம்பி, மத்தியானத்துக்கு மேலே இந்தத் தராசை அப்படியே நம்பாதீங்க" என்றார். ஒரே காற்று மூடிய சுற்றில் மணிக்கணக்காகச் சுழன்று சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தராசின் உணரிகளும் சற்றே நகர்கின்றன. இன்று நகர்ந்த அளவு சிறியது. மூன்று பாகையை அதன் தலையில் கட்ட முடியாது.

ஜூன் 8

சுவர்களைப் பற்றி இரவு முழுவதும் யோசித்தேன். கணினியில் இறக்கை எல்லையற்ற வெளியில் பறக்கிறது, சுரங்கத்திலோ 1.5 மீட்டர் சதுர அறைக்குள் நிற்கிறது. இறக்கைக்குப் பின்னால் காற்று கீழ்நோக்கி இறங்குவதைச் சுவர்கள் ஓரளவு தடுத்துவிடுவதால், நாம் திருப்பி வைத்த கோணத்தைவிடக் கூடுதலான கோணத்தையே இறக்கை உணர்கிறது. இதற்கான திருத்தம் எளிய பெருக்கல்தான்: சுவர்க் காரணி, இறக்கைப் பரப்புக்கும் சுரங்கக் குறுக்குவெட்டுக்கும் உள்ள விகிதம், ஏற்றுவிசைக் குணகம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். எங்கள் அரை இறக்கை 0.9 மீட்டர் நீளமும், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 0.3 மீட்டர் நாணும் கொண்டது, பரப்பு 0.27 சதுர மீட்டர், அறையின் குறுக்குவெட்டு 2.25. விகிதம் 0.12. காரணியைச் சுமார் 0.13 என்றும் குணகத்தை 1.2 என்றும் கொண்டால் 0.0187 ரேடியன் வருகிறது, அதாவது சற்றேறக்குறைய ஒரு பாகை. ஆகவே சுரங்கத்தின் 12 உண்மையில் 13.

மீதி இரண்டு பாகை.

ஜூன் 11

திருத்தச் சூத்திரத்தை மட்டும் நம்ப மனம் வராமல், சுரங்கத்தின் சுவர்களையும் தரையையும் சேர்த்தே கணினியில் வலை போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினோம். ஏற்றுவிசை சரியும் அந்த ஸ்டால் 15 பாகையிலிருந்து 14க்கு இறங்கியது. சூத்திரம் சொன்ன அந்த ஒரு பாகையேதான். சுரங்கத்தை இத்தோடு குறை சொல்ல முடியாது. இனி கணினியைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஜூன் 12

மின்சாரம் இல்லை. ஓட்டம் இல்லை.

ஜூன் 14

கறுப்பு வண்ணம் பூசிய இறக்கையின் மேல், மண்ணெண்ணெயில் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைக் கலந்து, சில துளி ஒலியிக் அமிலமும் சேர்த்துத் தடவிக் காற்றை விட்டோம். 4 பாகையில் முன்பாதியில் வெள்ளைக் கோடுகள் காற்றின் திசையில் நேராக நீண்டன. நாணின் நடுப்பகுதியை நெருங்கியதும் எண்ணெய் தேங்கி நின்றது. மாதிரி செங்குத்தாக நிற்பதால், தேங்கிய எண்ணெய் காற்றோடு போகாமல் தன் எடைக்கே கீழ்நோக்கி வழிந்தது. அந்தப் பட்டைக்குப் பின்னால் பரப்பு மறுபடியும் துடைத்தெடுத்ததுபோல் கறுத்திருந்தது. அங்கே சீரோட்டம் பரப்பை விட்டுப் பிரிந்து, மேலே கொந்தளிப்பாக மாறி, பிறகு திரும்ப வந்து ஒட்டுகிறது. இடையில் அடைபட்டிருப்பது ஒரு குமிழி. அழுத்தத் துளைகளும் அதே இடத்தில் ஒரு சமதளத்தைக் காட்டி, உடனே செங்குத்தாக ஏறின.

கோணத்தைக் கூட்டக் கூட்டக் குமிழி சுருங்கி முன்னே நகர்ந்தது. 11 பாகையில் அது மூக்கிலேயே, நாணின் முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. 12இல் வெடித்தது: பிரிந்த ஓட்டம் திரும்பி வந்து ஒட்டவே இல்லை. கோணத்தைக் குறைத்தபோதும் 9 பாகைக்கு வரும் வரை ஏற்றுவிசை மீளவில்லை.

ஜூன் 15

எங்கள் கணக்கில் அந்தக் குமிழியே கிடையாது. நாங்கள் பயன்படுத்திய கொந்தளிப்பு மாதிரி, பரப்பை ஒட்டிய மெல்லிய காற்று அடுக்கான எல்லைப் படலம் மூக்கு முனையிலிருந்தே கொந்தளிப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. கொந்தளிப்பான படலம் எளிதில் பிரியாது. அதனால்தான் கணினியில் பிரிதல் பின்விளிம்பில் தொடங்கி மெல்ல மெல்ல முன்னேறியது, ஏற்றுவிசையும் வட்டமாக வளைந்து இறங்கியது. சுரங்கத்தின் வளைகோடோ கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தது. எந்தக் கோணத்தில் என்று பார்ப்பதற்கு முன்பே, வளைகோட்டின் வடிவம் இவை இரண்டு வெவ்வேறு ஸ்டால்கள் என்று சொல்லிவிட்டது.

ஜூன் 19

சீரோட்டம் எங்கே கொந்தளிப்பாக மாறும் என்பதையும் சேர்த்துக் கணிக்கும் மாதிரிக்கு மாறினோம். முதல் விடை கேலிக்கூத்தாக இருந்தது: குமிழி தோன்றவே இல்லை. நுழைவாயிலில் கொடுத்த கொந்தளிப்பு அளவு 1 விழுக்காடு. வெப்பக்கம்பி உணரியால் சுரங்கத்தில் அளந்ததோ 0.2. அளந்த எண்ணை அப்படியே நுழைவாயிலில் கொடுத்தாலும் சரிவராது, ஏனெனில் கணக்கில் அது வழியிலேயே தேய்ந்து, இறக்கையை எட்டும்போது இன்னும் சிறிதாகிவிடுகிறது. இறக்கைக்குச் சற்று முன்னால் 0.2 நிற்கும்படி நுழைவாயில் மதிப்பை ஏற்றி வைத்தோம்.

ஜூன் 20

குமிழி வந்தது. ஸ்டால் 12 பாகைக்கும் 12.5க்கும் இடையில். அந்தக் கோணங்களில் கணக்கு ஓர் எண்ணில் நிலைக்காமல் ஊசலாடுவதால், இதைவிடத் துல்லியமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 22

"அப்போ சுரங்கம்தான் சரி, இல்லையா சார்?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். C-141 சரக்கு விமானத்தின் கதையைச் சொன்னேன். 1963இல் முதன்முறை பறந்த அந்த விமானத்தின் சிறிய மாதிரிகளைச் சுரங்கங்களில் சோதித்தபோது, இறக்கையின் மேலுள்ள அதிர்ச்சி அலை ஓரிடத்தில் நின்றது. பறந்தபோது அது இன்னும் பின்னால் போய் நின்றது. காற்றின் வேகம், இறக்கையின் அளவு, பிசுக்குமை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் சுரங்கத்தில் குறைவு. எல்லைப் படலம் ஒப்பளவில் தடித்து அலையை முன்னே தள்ளியிருந்தது. இறக்கையின் மேலான சுமைப் பகிர்வே அதனால் வேறாயிற்று. இதைத் தவிர்க்கத்தான் நாசாவின் லாங்லி மையத்தில் கடுங்குளிர் நைட்ரஜனை ஓட்டும் சுரங்கம் பிற்பாடு கட்டப்பட்டது.

எங்கள் ஆளில்லா விமானம் சிறியது. முழு அளவிலேயே சோதிக்கிறோம். வினாடிக்கு 20 மீட்டர் வேகம், ரெனால்ட்ஸ் எண் சுமார் 4 லட்சம், சுரங்கத்திலும் வானத்திலும் ஒன்றே. ஆனால் வானத்துக் காற்று சுரங்கக் காற்றைவிட அமைதியாக இருக்கலாம். அமைதியான காற்றில் சீரோட்டம் கொந்தளிப்பாக மாறத் தாமதமாகும், குமிழி நீளும், முன்னதாகவே வெடிக்கவும் கூடும். அந்த அமைதியைச் சுரங்கத்தால் தர முடியாது, கணினியால் தர முடியும். சுரங்கத்தோடு ஒத்துப்போகப் பழக்கிய பிறகுதான் அந்தக் கணக்கை நான் நம்புவேன்.

ஜூன் 24

கொந்தளிப்பு அளவை 0.05 விழுக்காடாக வைத்து, சுவர்கள் இல்லாமல் ஓட்டினோம். சுரங்கத்தின் திருத்திய 13 பாகைகூட நிற்கவில்லை, 12.3. எங்கள் மேலதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது.

ஜூன் 25

நாணின் ஐந்து விழுக்காட்டில், காற்றை முன்கூட்டியே கொந்தளிக்க வைக்கும் நெளிவுப் பட்டை ஒட்டிக் குமிழியைக் கொன்றுவிடலாம் என்கிறார்கள். பயணக் கோணத்தில் அது இழுவையைக் குறைக்கலாம். ஸ்டாலுக்கு அருகில் குமிழி பட்டைக்கு முன்னாலேயே தோன்றிவிடுகிறது. நடந்து முடிந்த பிரிதலைப் பின்னால் இருக்கும் பட்டை என்ன செய்யும்? மூக்கின் ஆரத்தைக் கூட்டி, அங்கே அழுத்தம் அவ்வளவு செங்குத்தாக ஏறாமல் பார்த்துக்கொள்வதே வழி. ஒப்புக்கொண்டார்கள், அரைமனதாக.

ஜூலை 3

புதிய மூக்கு வந்துவிட்டது. பழைய உடலோடு சேரும் இடத்தில் விரல் நகத்தில் தட்டும் அளவுக்கு, அரை மில்லிமீட்டர் படி இருக்கிறது. அந்தப் படியே எல்லைப் படலத்தைக் கொந்தளிக்க வைத்துப் பொய்யாக நல்ல எண்ணைக் கொடுத்துவிடும். பட்டி பூசித் தேய்த்து முடிக்கும் வரை காற்றைத் திறக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.