84 நாள் தலைவலிக் குறிப்பேட்டை ஒரு பக்கத்துக்குள் அடக்கிய அனுபவம்

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் நாள் முடிவானபோது என் கையில் பன்னிரண்டு வாரக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அதற்கு முன் பொது மருத்துவர் ஒருவரிடம் அதை அப்படியே நீட்டியிருந்தேன், அவர் நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது?" என்று கேட்டார். அத்தனை பக்கம் எழுதியிருந்த எனக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. ஆகவே இம்முறை குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த ஒரே ஒரு தாளுடன் போவதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு தாளில் 84 வரிகள் போட்டு, நாளுக்கு ஒரு வரியாகக் குறிப்பேட்டை இறக்கினேன். நாட்காட்டி மாதங்களாகப் பிரிக்காமல் 28 நாள் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்தேன். பகுதிகள் சம அளவில் இருந்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை நான்கு மணிக்கு ஓய்ந்த வலியை இரண்டு நாளாகவே எண்ணினேன். வேலையை விட்டுவிட்டுப் படுக்க வைத்த வலிக்கு மட்டும் 'கடுமை' என்று பெயர். மற்றவை எல்லாம் 'வலி'. குறிப்பேட்டில் நான் கொடுத்திருந்த பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்களைக் கைவிட்டேன், ஏனெனில் முதல் வாரத்து ஆறும் பத்தாம் வாரத்து ஆறும் ஒரே வலியைத்தான் குறித்தன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. ஒன்பது நாட்களில் எதுவுமே எழுதப்படவில்லை. வலி இல்லாததால் எழுதவில்லையா, எழுத முடியாத அளவுக்கு வலித்ததா, அல்லது வெறும் மறதியா என்று நினைவில் இல்லை. அவற்றை வலியற்ற நாட்களாக எண்ணிவிடத்தான் கை துறுதுறுத்தது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் கணக்கு முழுவதும் என் விருப்பத்துக்கு வளைந்திருக்கும். ஆகவே 'தெரியாது' என்றே ஒரு தனி நிரல் வைத்தேன். முதல் பகுதியில் வலி நாட்கள் 11, வலியே இல்லாத நாட்கள் 14, தெரியாதவை 3. இரண்டாவதில் 13, 11, 4. மூன்றாவதில் 17, 9, 2. கடுமையான நாட்கள் முறையே 5, 6, 6. கடுமையான வலி ஏறக்குறைய அப்படியே நிற்க, அதைச் சுற்றியிருந்த மந்தமான வலிதான் பெருகியிருக்கிறது என்பதைக் குறிப்பேட்டைப் பலமுறை படித்தும் நான் கவனித்திருக்கவில்லை.

அடுத்தது வலி மாத்திரைக் கணக்கு. நான் முதலில் மாத்திரைகளைத்தான் கூட்டினேன்; மூன்றாம் பகுதியில் 26 வந்தது. பிறகுதான், மருந்து மிகைப் பயன்பாட்டால் வரும் தலைவலியைக் கணிக்க மருத்துவர்கள் எண்ணுவது மாத்திரைகளை அல்ல, மாத்திரை எடுத்த நாட்களை என்று தெரிந்துகொண்டேன். ஒரே நாளில் மூன்று மாத்திரை எடுத்தாலும் அது ஒரு நாள்தான். மூன்று நாள் ஒவ்வொன்றாக எடுத்தால் அது மூன்று நாள். பாரசிட்டமால் போன்ற தனி வலிநிவாரணிக்கு மாதம் 15 நாளும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைக்கும் பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைக்கும் 10 நாளும் எல்லை என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாடு வைத்திருக்கிறது. அந்த அளவிலோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்து, தலைவலியும் மாதம் 15 நாளை எட்டினால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

மூன்றாம் பகுதியில் பாரசிட்டமால் மட்டும் எடுத்த நாள் 3, பாரசிட்டமாலும் கஃபீனும் சேர்ந்த கூட்டு மாத்திரை எடுத்த நாள் 8, டிரிப்டான் எடுத்த நாள் 5. எதுவும் தன் எல்லையைத் தொடவில்லை என்று முதலில் நிம்மதி அடைந்தேன். அது தவறு. வெவ்வேறு வகைகளை மாற்றி மாற்றி எடுத்தால் மொத்த நாட்களைப் பார்க்க வேண்டும், அதற்கு எல்லை 10. கூட்டு மாத்திரையும் டிரிப்டானும் ஒரே நாளில் எடுத்தவை இரண்டு நாட்கள். அவற்றை இருமுறை எண்ணாமல் கழித்தால் மொத்தம் 14 நாட்கள் வந்தது. முதல் பகுதியில் இது 7, இரண்டாவதில் 10. வலி நாட்கள் ஏறிய அதே திசையில் மாத்திரை நாட்களும் ஏறியிருந்தன. எது எதை இழுத்தது என்று என் தாள் சொல்லாது. அதை முடிவு செய்வது என் வேலையும் அல்ல.

வலியைத் தூண்டுபவை எவை என்ற பகுதிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'சாக்லேட்', 'வெயில்', 'தூக்கமின்மை' என்று எழுதியிருந்தேன், ஆனால் எல்லாமே வலித்த நாட்களில் மட்டும். வலிக்காத நாட்களில் சாக்லேட் சாப்பிட்டேனா என்பதற்குக் குறிப்பே இல்லாதபோது, சாக்லேட்டைக் குற்றவாளி ஆக்க வழியில்லை. மேலும், சாக்லேட் என்று எழுதிய ஆறு நாட்களில் நான்கில், அதே மாலை கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் வந்ததாக நானே எழுதியிருந்தேன். ஒற்றைத் தலைவலிக்குப் பல மணி நேரம் முன்பே வரக்கூடிய முன்னறிகுறிகளில் இவையும் உண்டு, இனிப்பின் மீதான ஏக்கமும் உண்டு. வலி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதால் சாக்லேட் தேடியிருக்கலாம். அதை அடித்துவிட்டேன்.

தூக்கத்துக்கு மட்டும், எல்லா நாட்களுக்கும் பதிவு இருந்தது, என் கைக்கடிகாரத்தில். நிலவரம் தெரிந்த 75 நாட்களில், முந்தின இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவை 16. அவற்றில் 9 நாட்களில் புதிதாக ஒரு வலி தொடங்கியது. மற்ற 59 நாட்களில் 14-இல்தான் தொடங்கியது. இது ஆராய்ச்சி அல்ல, ஏற்கெனவே வலியில் இருந்த நாட்களை நான் பிரிக்கவும் இல்லை. என்றாலும் பாதிக்கு மேல், கால் பங்கு என்ற வித்தியாசம் ஒரு வரி எழுதத் தகுந்தது என்று தோன்றியது.

தாளில் மூன்று பகுதிகளின் எண்களும், மாத்திரை வகைகளும், தூக்க வரியும், திடீரென உச்சத்தை எட்டிய வலியோ காய்ச்சலோ கை கால் பலவீனமோ ஒருமுறையும் இல்லை என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன.

மருத்துவர் விரல் நேராக மூன்றாம் பகுதியில் நின்றது. "இந்தக் கூட்டு மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள்?" என்றார். இரண்டாம் பகுதியின் நடுவில் என்றேன். மருந்து மிகைப் பயன்பாடு என்று பெயர் சூட்ட இன்னும் காலம் போதாது, ஆனால் போகும் பாதை அதுதான் என்று சொல்லி, அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வலிநிவாரணி எதுவானாலும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்றும், நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடக்கூடும் என்றும் எச்சரித்து, தினசரி எடுக்கும் தடுப்பு மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கினார்.

இப்போது என் குறிப்பேட்டில் நாளுக்கு மூன்று கட்டங்களே உள்ளன: வலி, மாத்திரையின் பெயர், தூங்கிய நேரம். வலி இல்லாத நாளில் முதல் கட்டத்தில் 0 என்று எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன்.