16 மணி நேர விரதமும் ஜிம்மும்: குன்னூரில் எட்டு மாதம்

காலை 6 மணிக்கு ஜிம், பகல் 12 மணிக்கு முதல் சாப்பாடு, இரவு 8 மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. இப்படித்தான் தொடங்கினேன். வயது 41, எடை 78 கிலோ. ஆறு வாரத்தில் 3 கிலோ குறைந்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் 80 கிலோ வைத்து ஐந்து முறை ஸ்குவாட் போட்டவன், அதற்குள் 70 கிலோவுக்கே திணற ஆரம்பித்திருந்தேன். ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வரும். காலையில் படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பு பார்ப்பேன். வழக்கமாக 58 இருப்பது 66, 67 என்று காட்டியது. உடம்பு ஓய்ந்து தேறவில்லை, கொழுப்போடு தசையும் கரைகிறதோ என்று சந்தேகப்பட இந்த மூன்றும் சேர்ந்து வந்ததே போதும்.

சாப்பிட்டதை ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. எடைப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனக்கு 120 கிராம். மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கியபோது காலையில் தின்ற முட்டைகள் அப்படியே விடுபட்டுப் போயிருந்தன. மதியம் சோறு, சாம்பார், பீட்ரூட் பொரியல். வயிறு நிறைந்தது, அவ்வளவுதான்.

விரதத்தை விடவில்லை, பயிற்சி நேரத்தை மாற்றினேன். திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30-க்கு ஜிம். இப்போது ஜிம் நாள் இப்படிப் போகிறது: 12 மணிக்கு நான்கு முட்டை, சோறு, பருப்பு, தயிர். 4 மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் வாழைப்பழமும். ஜிம் முடிந்து 7 மணிக்கு 200 கிராம் கோழி, இரண்டு சப்பாத்தி, ஒரு டம்ளர் பால். கூட்டினால் 105 கிராம் அளவுக்குப் புரதம் வருகிறது. 120-ஐ எட்டாவிட்டாலும் இரண்டே மாதத்தில் ஸ்குவாட் மறுபடி 80 கிலோவுக்கு வந்துவிட்டது.

செவ்வாய், வியாழன் காலையில் சிம்ஸ் பார்க்கிலிருந்து லாம்ப்ஸ் ராக் சாலையில் 40 நிமிடம் வெறும் வயிற்றில் மெதுவாக ஓடுகிறேன். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் என்றால் உடம்பிலிருக்கும் கொழுப்பும் தசையிலிருக்கும் சர்க்கரையும் போதும். ஏற்றத்தில் முட்டித் தள்ளியோ நெடுநேரமோ ஓடினால் போதாது, கால் கல்லாகிவிடும். அதனால் ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு விரதமே கிடையாது; இரண்டு இட்லியும் ஒரு பழமும் தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். குளிரில் தாகமே தெரியாது. 11 மணிக்கு வரும் தலைவலியைப் பசி என்று நினைத்தேன். காலையிலேயே இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்ததும் அது வரவே இல்லை. இன்னொன்று டீ. பால், சர்க்கரை போட்ட டீ குடித்தால் விரதம் அதோடு முடிந்தது. சர்க்கரை போடாத கட்டன் டீ குடிக்கலாம்.

அடுத்துச் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். கோத்தகிரியில் இருக்கும் என் அக்காவுக்குச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் இளைத்ததைப் பார்த்து, என்னிடம் சொல்லாமலேயே காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு நடக்கப் போனார். டிசம்பர் மாதம், நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, கையெல்லாம் நடுங்குதுடா" என்றார்.

"ஸ்வெட்டர் போட்டுக்கோ அக்கா, பனி" என்றேன்.

அவர் நெற்றியைத் தொட்டபோதுதான் உறைத்தது. அந்தக் குளிரில் வியர்த்து நனைந்திருந்தது. குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. வீட்டிலிருந்த கருவியில் சோதித்தால் 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 82 வந்தது. உடனே இட்லி சாப்பிட வைத்தோம்.

டாக்டர் விளக்கினார்: அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டாக்டர் அளவை மாற்றித் தராமல் இவர்கள் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், பட்டினி கிடப்பது, அளவில்லாமல் தின்பது போன்ற உண்ணும் கோளாறிலிருந்து மீண்டவர்கள் ஆகியோருக்கும் இந்த விரதம் வேண்டாம். பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அந்த மாதமே விரதத்தை நிறுத்திவிட வேண்டும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சாப்பாட்டை இதே அளவு குறைத்து மூன்று வேளையாகச் சாப்பிட்டாலும் எடை ஏறக்குறைய இதே போலத்தான் குறையும். எனக்குக் காலையில் பசிக்காது, அதனால் பொருந்துகிறது. அக்காவுக்கு மூன்று வேளையும் வேண்டும். இப்போது 8 மணிக்கு மாத்திரையும் சாப்பாடும் ஒன்றாக, அரை மணி நேரம் கழித்து நடை. சட்டைப்பையில் எப்போதும் நான்கு குளுக்கோஸ் மாத்திரைகள்.