ஆயாவின் சீரியலும் தாத்தாவின் டெஸ்ட் மேட்ச்சும் ஒரே 100 ஜி.பி.யில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. ஆகவே எங்கள் வீட்டு இணையம், சிம் போட்ட எல்.டி.இ. ரௌட்டர் ஒன்றின் வழியாக, மாதத்துக்கு 100 ஜி.பி. என்ற அளவோடு வருகிறது. அந்த அளவு பத்தாம் தேதி வாக்கிலேயே தீர்ந்துபோய், மாதத்தின் மீதி நாட்களில் வாட்ஸ்அப் படம் ஒன்று திறப்பதற்குள் சோறு வெந்துவிடும் என்ற நிலை வந்தபோது, வீட்டில் குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கியது.

தாத்தா தாம் குற்றமற்றவர் என்பதற்கு ஒரு வாதம் வைத்திருந்தார்: "நான் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறேன், எனக்கு எவ்வளவு டேட்டா போய்விடப் போகிறது?" ஆயாவின் வாதம் இன்னும் வலுவானது. அவர் யூடியூபில் சீரியல் ஓடும்போது அடுப்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறார். காதால் கேட்கிறாரே தவிரக் கண்ணால் பார்ப்பதில்லை. எனவே பார்க்காத படத்துக்குக் கணக்கு எழுதக்கூடாது. பிள்ளைகள் இருவரும் எதுவும் பேசாமல் நெட்ஃபிளிக்ஸில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்ததால், முதலில் ஒரு மணி நேரப் படத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிடத் தொடங்கினேன். இதற்குத் தெரிந்துகொள்ள வேண்டிய வாய்பாடு ஒன்றே ஒன்றுதான். படம் நொடிக்கு எத்தனை மெகாபிட் வீதம் வருகிறதோ, அதை 0.45 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜி.பி. என்பது கிடைத்துவிடும். ஒரு மணிக்கு 3600 நொடி, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், 3600ஐ எட்டால் வகுத்தால் 450. அவ்வளவுதான் அதன் பின்னணி. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் வரும் படம் மணிக்கு 450 எம்.பி. தின்னும்; 4 மெகாபிட் வீதம் வந்தால் 1.8 ஜி.பி. தின்னும். ஒலியின் பங்கு இதில் மிகச் சிறியது. அதன் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வருகிற பிட்டுகள் அதே அளவில்தான் வந்துகொண்டிருக்கும் என்று விளக்கியபோது, தாத்தா என்னை நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

நெட்ஃபிளிக்ஸைப் பொறுத்தவரை அந்த நிறுவனமே கணக்கைச் சொல்லிவிடுகிறது: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜி.பி. வரை, நடுத்தரத்தில் 0.7 வரை, எச்.டி.யில் 3 வரை, 4கே என்றால் 7 வரை. யூடியூபுக்கு நாம்தான் அளந்து பார்க்க வேண்டும். அதிலுள்ள "Stats for nerds" என்ற பகுதியில் தெரியும் இணைப்பு வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது படத்தின் துண்டுகள் வந்திறங்கும் வேகமே தவிர, படம் உண்மையில் செலவழிக்கும் வீதம் அன்று. யூடியூப் ஒரு துண்டை வேகமாக இறக்கிச் சேமித்துக்கொண்டு, பிறகு சற்று நேரம் சும்மா இருந்து, அடுத்த துண்டை இறக்கும். இதே காரணத்தால் ஐந்து நிமிடம் மட்டும் அளந்து பன்னிரண்டால் பெருக்கினாலும் கணக்கு உப்பித்தான் வரும், ஏனெனில் தொடக்கத்தில் அது முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறது.

நம்பத்தக்க வழி, ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து அதில் "Statistics" என்று இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு முழு மணி நேரம் படத்தை ஓடவிட்டு, மறுபடியும் அந்த எண்ணைக் குறித்து, முன்னதைக் கழிப்பதுதான். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் வேறு எந்தக் கருவியும் வைஃபையில் இருக்கக் கூடாது என்பதால், எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கி வைஃபையை அணைத்து வைத்தேன். சீர்த்தட்டு போல அது மேசை நடுவில் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தவர்களின் முகங்கள் சீர் கொண்டுவந்தவர்களின் முகங்களாக இல்லை. முதல் அளவு 2.9 ஜி.பி. என்று வந்தது. சந்தேகப்பட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தால், மூத்தவனின் பழைய டேப்லெட் ஒன்று தலையணைக்கடியில் கிடந்து, பொங்கலுக்கு எடுத்த படங்களையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடியும் அளந்ததில், 1080p தரத்தில் ஆயாவின் சீரியல் மணிக்கு 2.1 ஜி.பி. என்று வந்தது. 720p என்றால் 1.1, 480p என்றால் 0.45. இடையில் மின்வெட்டு வந்து ரௌட்டர் அணைந்து எழுந்தால், நடப்பு இணைப்பின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும் என்பதால், அப்படி ஒரு மாலையின் அளவைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று.

அளக்கும்போது கண்ட ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தரத்தின் எண் ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றாக இருப்பதில்லை. ஆயா காலையில் போடும் முருகன் பாட்டில் அசையாத வேலவன் படம் ஒன்றே முழு நேரமும் நிற்கிறது. அது 1080p ஆக இருந்தும் சீரியலில் ஒரு சிறு பங்குதான் செலவழித்தது, ஏனெனில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் மாற்றம் இல்லாவிட்டால் அனுப்புவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. கிரிக்கெட் இதற்கு நேர் எதிர். புல், கூட்டம், ஓடும் காமிரா என எல்லாம் அசைகின்றன. போதாக்குறைக்கு நொடிக்கு 50 ஃபிரேம்கள். தாத்தாவின் ஆட்டம் 720p தரத்திலேயே மணிக்கு 1.6 ஜி.பி. எடுத்தது. முருகன் பாட்டுக்குக் கணக்கில்லை என்று தீர்ப்பானதில் ஆயாவுக்குப் பரம திருப்தி.

இனி பழைய மாதத்தின் கணக்கு தானாகவே விளங்கியது. ஆயாவுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், மணிக்கு 2.1 வீதம், 6.3 ஜி.பி. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், எச்.டி.யில், 3 வரை. வேலை, வாட்ஸ்அப், கைப்பேசிப் புதுப்பிப்புகள் எல்லாம் சேர்ந்து மாதம் 30 என்று வைத்தால் நாளுக்கு 1. ஆக நாளுக்குப் பத்துக்கு மேல். பத்தாம் தேதியில் பாத்திரம் காலி. தாத்தாவின் கிரிக்கெட் இல்லாமலே இந்த நிலை!

தரத்துக்கு உச்ச வரம்பு கட்டுவதில் நெட்ஃபிளிக்ஸ் சுலபம். கணக்கின் இணையப் பக்கத்தில், "Data usage per screen" என்ற இடத்தில் "Medium" என்று வைத்தால் போதும். மாற்றம் நடைமுறைக்கு வர எட்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், வைத்த உடனே பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த அமைப்பு ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி என்பதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்து, என் ப்ரொஃபைலுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். எனக்கு ஏன் நெட்ஃபிளிக்ஸ் டைனோசர் கார்ட்டூன்களைப் பரிந்துரைக்கிறது என்ற கேள்வியில்தான் அது பிடிபட்டது.

யூடியூபைக் கைப்பேசியில் கட்டுப்படுத்தலாம். ஆனால் எங்கள் தொலைக்காட்சியிலோ ஒவ்வொரு காணொளிக்கும் தனியாகத் தரத்தை இறக்க வேண்டும், அடுத்தது தொடங்கியதும் அது மறுபடியும் தன் இஷ்டத்துக்கு ஏறிவிடும். ஆயாவிடம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பல்சக்கரத்தை அழுத்தச் சொல்வது நடக்கிற காரியமன்று. ஆகவே ரௌட்டரிலேயே தொலைக்காட்சிக்கு மட்டும் நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வேக வரம்பு வைத்தேன். (எல்லா ரௌட்டரிலும் இந்த வசதி கிடையாது, இருந்தால் கருவிகளின் பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்து வேகத்தை எழுத வேண்டும்.) யூடியூப் தனக்குக் கிடைக்கும் வேகத்தை அளந்து பார்த்து, அதற்குள் சிக்கலின்றி ஓடக்கூடிய தரத்தில் தானே நின்றுகொள்கிறது. சீரியல் 480p தரத்தில் அமைதியாக நின்றது. சோதனைக்காக வரம்பை 0.5க்கு இறக்கியபோது கதாநாயகியின் கண்ணீருக்கு நடுவே வட்டம் சுற்றத் தொடங்கியது. ஆயா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். வரம்பு உடனடியாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. அவர் படம் பார்ப்பதில்லை என்ற வாதமும் அன்றோடு முடிந்தது.

வேக வரம்பு நேரத்துக்கு வரம்பு அன்று என்பதும் உண்மை. 1.5 மெகாபிட் என்றால் மணிக்கு அதிகபட்சம் 0.68 ஜி.பி.; ஆளில்லாத கூடத்தில் தொலைக்காட்சி இரவு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில்தான் சேரும். ஆகவே தானாக அடுத்ததைப் போடும் வசதியையும் அணைத்தேன்.

புதிய கணக்கில் ஆயாவுக்கு மாதம் 90 மணி நேரத்துக்கு 40.5, பிள்ளைகளுக்கு 30 மணி நேரத்துக்கு 21, மற்றவற்றுக்கு 30. மீதி 8.5 ஜி.பி. தாத்தாவுக்கு. இந்த நேரம் பார்த்து ஒரு டெஸ்ட் மேட்ச் வந்தது. நாளுக்கு ஆறு மணி நேரம், ஐந்து நாள், ஆக 30 மணி நேரம். 720p தரத்தில் பார்த்தால் 48 ஜி.பி. ஆயாவின் ஒரு மாதச் சீரியலைவிட அது அதிகம் என்று நான் வாய்விட்டுப் படித்ததும், கூடத்தில் நிலவிய மௌனத்தில் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பேரம் இரவு வரை நடந்தது. பிள்ளைகள் அந்த மாதத்துக்கு "Low" தரத்தை ஏற்றுக்கொண்டார்கள் (அதற்கு அவர்கள் வாங்கிய ஐஸ்கிரீம் இந்தக் கணக்கில் சேராது). அதில் 12 மிச்சமாகி, தாத்தாவின் கையிருப்பு 20.5 ஆயிற்று. தொலைக்காட்சியின் வரம்புக்குள் மணிக்கு 0.68 வீதம் 30 மணி நேரம் என்றால் 20.4. பந்து கண்ணுக்குத் தெரியாதே என்றதற்கு, மட்டையாளரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் தாத்தா. ஆனால் மிச்சம் 0.1 ஜி.பி. மட்டுமே என்பதால், உணவு இடைவேளைக்கும் தேநீர் இடைவேளைக்கும் தொலைக்காட்சியை அணைத்தாக வேண்டும் என்பது ஆயாவின் நிபந்தனை. இடைவேளையில் வருகிற நிபுணர்களின் பேச்சுதான் ஆட்டத்திலேயே முக்கியமானது என்று தாத்தா எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். முதல் நாள் நடுவர் ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸை எடுத்த கணமே, ஆயாவின் கையில் ரிமோட் தயாராக இருந்தது.