செத்த கன்ட்ரோலர்களும் பூஜ்யம் காட்டிய பேட்டரியும்

பரணில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த செத்த வீடியோ கேம் கன்சோல்களும் கன்ட்ரோலர்களும் பேட்டரிகளும் ஒருவழியாக உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எடைச்சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். திருச்சியில் இருந்துகொண்டே இதை முறையாகச் செய்ய முடிந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். போனவை: பிளேஸ்டேஷன் வரிசையில் ஒரு குண்டு பி.எஸ்.2, மஞ்சள் விளக்கோடு நின்றுபோன ஒரு பி.எஸ்.3, பி.எஸ்.4 கன்ட்ரோலர்கள் கொஞ்சம், அப்புறம் தொண்ணூறுகளின் 'டிவி கேம்' பெட்டிகள். எதை எப்படித் திறப்பது, எந்த உதிரியை எடுத்து வைப்பது என்பதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு, அதனால் அதைத் தொடப் போவதில்லை. பேட்டரியைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். நாம் கன்ட்ரோலரையும் அதற்குள் இருக்கும் பேட்டரியையும் ஒரே குப்பையாகப் பார்க்கிறோம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கன்சோல், கன்ட்ரோலர் எல்லாம் 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் வருகின்றன, வீடியோ கேம் சாதனங்கள் அதன் பட்டியலிலேயே இருக்கின்றன. பேட்டரிக்கு அதே 2022-இல் தனியாகப் பேட்டரிக் கழிவு விதிகள் வந்துவிட்டன. அதனால் மின்னணுக் கழிவுக்கு உரிமம் வைத்திருப்பவர் லித்தியம் பேட்டரியையும் எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால் பெட்டியில் பாதி திரும்பி வரும். "கேம் மெஷின் இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டால் எல்லாரும் சரி என்பார்கள். "தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரி எடுப்பீர்களா, அதில் உப்பியது இருந்தால் எடுப்பீர்களா, உங்களிடமிருந்து அது எங்கே போகும்" என்று கேட்க வேண்டும். இதற்குத் தயங்காமல் பதில் சொன்ன இடத்தைத்தான் நான் நம்பினேன்.

இனி அந்தப் பூஜ்யம் காட்டிய பேட்டரிக்கு வருகிறேன்.

கீழே விழுந்து செத்துப்போன ஒரு பி.எஸ்.4 கன்ட்ரோலர். உள்ளே கம்பெனி பேட்டரி இல்லை, யாரோ எப்போதோ மாற்றிப் போட்ட மலிவுச் சரக்கு. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம். வழக்கமாக இந்த இடத்தில் "செத்தது, சார்ஜ் இல்லை, ஆபத்தும் இல்லை" என்று முடிவு கட்டி டிராயரில் போட்டுவிடுவோம். ஆனால் நாம் அளப்பது செல்லை இல்லை. செல்லுக்கும் கனெக்டருக்கும் நடுவில், மஞ்சள் டேப்புக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பாதுகாப்புப் பலகை இருக்கிறது. செல் ரொம்ப இறங்கிவிட்டாலோ பலகையே பழுதானாலோ அது வெளிப்பாதையைத் துண்டித்துவிடும். அப்போது மீட்டர் காட்டும் பூஜ்யத்துக்குக் கதவு சாத்தியிருக்கிறது என்பதுதான் பொருள், வீடு காலி என்பதல்ல.

டேப்பைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகத் தூக்கினேன் (இங்கே உலோக ட்வீசர் கூடவே கூடாது). மல்டிமீட்டர் முனைகள் இரண்டிலும் நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தெரிகிற மாதிரி ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றியிருந்தேன், ஏனென்றால் பலகையின் இரண்டு செல் புள்ளிகளும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி நெருங்கி இருக்கும், முனை கொஞ்சம் வழுக்கினால் நேராக ஷார்ட். செல் பக்கத்துப் புள்ளிகளில் வைத்ததும் 3.86 வோல்ட். பாதிக்கு மேல் சார்ஜ் உள்ளே இருக்கிறது! பலகையில் சுவிட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட் ஓரத்தில் ஒரு கருகல் தடம். இதைத்தான் காயலான் கடைக்காரர் மூட்டையில் போட்டு, அந்த மூட்டையை இன்னொருவர் லாரியில் தூக்கி எறிந்திருப்பார். பழைய இரும்பு, பிளாஸ்டிக் விஷயத்தில் அவர்களை விடத் திறமையாகப் பிரிப்பவர்கள் கிடையாது, ஆனால் இந்தச் செல்லைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எந்த வழியும் இல்லை. அந்த வேலை நம்முடையது.

இதற்கு அப்புறம் பேட்டரிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். கனெக்டரிலேயே மின்னழுத்தம் காட்டுபவை, உப்பாதவை: இவற்றின் சார்ஜை இறக்கலாம். கனெக்டரில் பூஜ்யம், உள்ளே சார்ஜ்: இவற்றை இறக்க முயலவில்லை, பலகையைச் சுற்றிக் கம்பி மாட்டி விளையாடுவதை விடத் திரும்ப டேப் சுற்றி மேலே "உள்ளே 3.86" என்று எழுதிக் கொடுப்பது மேல். உப்பியவை: அளக்கக்கூட வேண்டாம், அப்படியே மணல் டப்பாவுக்கு.

இறக்குவதற்கு 10 ஓம், 5 வாட் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் போதும். 3.7 வோல்ட்டில் 0.37 ஆம்பியர் போகும், சூடு 1.4 வாட் அளவுக்குத்தான், கை வைத்தால் சுரீர் என்று இருக்கும் ஆனால் எதுவும் எரியாது. பி.எஸ்.4 கன்ட்ரோலரின் 1000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முழுசாக இருந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். அடியில் ஒரு தரை ஓடு, பக்கத்தில் ஆள், 3 வோல்ட் வந்ததும் நிறுத்தம். எடுத்த பிறகு மின்னழுத்தம் கொஞ்சம் திரும்ப ஏறும், அது இயல்பு, அதைத் துரத்திக்கொண்டு மறுபடி மாட்டக் கூடாது. ஓட்டாண்டியாக்குவது நோக்கம் இல்லை. உள்ளே ஆற்றல் குறைவாக இருந்தால் வழியில் நசுங்கினாலும் தீ பெரிதாகாது, அவ்வளவுதான். ரெசிஸ்டர் கைவசம் இல்லையென்றால் இறக்காமலே கொடுக்கலாம், முனைகளில் டேப் ஒட்டினால் போதும். வாங்குகிறவர்கள் சார்ஜ் உள்ளதைக் கையாளத் தெரிந்தவர்கள்.

உப்புத் தண்ணீரில் போடு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் போட்டதும் குமிழ் வருவதைப் பார்த்து சார்ஜ் இறங்குகிறது என்று நம்புகிறார்கள். இறங்குவது கொஞ்சம்தான். அந்தக் குமிழ் ஹைட்ரஜனும் குளோரினும். அதற்குள் செல்லின் உலோகக் காதுகள் அரித்துப் போய்விடும், பாதை அறுந்துவிடும், மீதி சார்ஜ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இனி அளக்கவும் வழி இல்லை, இறக்கவும் வழி இல்லை, கூடவே ஒரு வாளி கெட்ட தண்ணீர். உப்பியதில் ஊசி குத்திக் காற்றை விடு என்பது இதை விட மோசம். உள்ளே இருக்கும் லித்தியம் உப்பு காற்றின் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஆகும், அது மூச்சில் ஏறக்கூடாத சாமான்.

மணல் விஷயம். எம்-சாண்டோ ஆற்று மணலோ, எதுவாக இருந்தாலும் ஈரம் இருக்கக் கூடாது. பழைய இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, முழுசாக ஆறவிட்டு எடுத்தேன். பிஸ்கட் தகர டப்பாவில் இரண்டு விரல் கட்டைக்கு மணல், மேலே முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனிக் கவரில் போட்ட பேட்டரிகள் ஒன்றை ஒன்று தொடாமல், மறுபடி மணல். மூடியை அழுத்தி மூடக் கூடாது, வாயு வந்தால் வெளியேற வழி வேண்டும். டப்பாவை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத மாடிப்படி அடியில் வைத்தேன். நம் ஊர் மொட்டை மாடி இதற்கு ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி இனிப்பாக ஒரு வாசனை வந்தால் ஏதோ ஒன்று கசிகிறது என்று பொருள், அந்த டப்பாவைக் கிளறாமல் தள்ளி வைப்பதுதான் சரி. சி.ஆர். 2032 போன்ற காசு செல்களுக்கு மணல் வேண்டாம், இரண்டு முகத்திலும் டேப் ஒட்டினால் போதும். ஒட்டாமல் ஒரே டப்பியில் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிச் சூடேறும். குழந்தை எடுத்து விழுங்கிவிடும் பயம் வேறு இருப்பதால் அந்த டப்பி எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

கூரியரில் அனுப்பலாமா என்று கேட்பார்கள். பழுதான, உப்பிய லித்தியம் பேட்டரி விமானத்தில் போகவே கூடாது. உள்ளே என்ன என்று சொல்லாமல் அனுப்புவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. ஆகவே அவர்கள் வண்டி வர வேண்டும், அல்லது நாமே சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டும்.

ஆளைப் பிடித்த கதை சுருக்கமாக. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தளங்களில் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் கிடைக்கிறது. தயாரிப்பாளர் இந்தியாவில் முறையாக விற்கும் கம்பெனி என்றால் அவர்கள் தளத்தின் மின்னணுக் கழிவுப் பக்கத்தையும் பார்க்கலாம், மறுசுழற்சிக்கான பொறுப்பு அவர்களுக்கு உண்டு. நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை, டிவி கேம் பெட்டிகளுக்கு உற்பத்தியாளர் யார் என்றே தெரியாது, அவற்றுக்குப் பட்டியல்தான் கதி. நான் அழைத்த இடங்களில் சிக்கல் ஒன்றே ஒன்று: தனி ஆளின் ஒரு பெட்டிக்காக வண்டி அனுப்ப மாட்டார்கள், குறைந்தபட்ச எடை கேட்கிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, டீசல் காசுகூடத் தேறாது.

வழி எங்கள் தெரு மொபைல் சர்வீஸ் கடையில் கிடைத்தது. "அண்ணே, உப்பின பேட்டரியெல்லாம் என்ன பண்றீங்க" என்று கேட்டேன். டிராயரைத் திறந்து காட்டினார், நிறைய இருந்தது. "கொடுக்க இடம் தெரியல தம்பி, குப்பையில போடவும் மனசு வரல" என்றார். அவருடையது, பக்கத்து லேப்டாப் கடையுடையது, என்னுடையது எல்லாம் சேர்ந்ததும் எடை வந்துவிட்டது, இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்த வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். காசு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எடைச்சீட்டில் பேட்டரியைத் தனி வரியாக எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

இடையில் ஒன்று: பி.எஸ்.4 கன்ட்ரோலருக்கு மாற்று பேட்டரி வாங்குபவர்கள் மாடலைப் பார்த்து வாங்குங்கள், பழைய மாடலின் கனெக்டரும் பின்னால் வந்த மாடலின் கனெக்டரும் ஒரே அளவு இல்லை. சேராததை வெட்டி ஒட்டிப் போடுவதால் வரும் செத்த பேட்டரிகள்தான் அந்த டிராயரில் எனக்கு எரிச்சல் ஊட்டியவை.

கையடக்க கன்சோலான பி.எஸ்.பி மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதன் பேட்டரி உப்பிப் பின்மூடியை வளைத்திருக்கிறது, மூடி இறுகிக் கழற்ற வரவில்லை, நெம்பினால் செல்லில்தான் குத்தும். ஆகவே பேட்டரியோடு சேர்த்து முழு சாதனமாகவே எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறேன். மணல் டப்பா அதற்குப் பத்தாது, பெரிய மண்சட்டி வாங்கியாயிற்று. அடுத்த சுற்றுக்கு உறையூர்ப் பக்கத்து சர்வீஸ் கடைகளிலும் கேட்டு வைக்கப் போகிறேன், அதற்குள் அவர்களுக்கு டேப்பும் கவரும் கொடுத்து, உப்பியது, உப்பாதது என்று இரண்டு டப்பாவாகப் பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும்.