பதினெட்டாவது செகண்ட்

"அக்கா, முதல் பதினெட்டு செகண்டையும் கடைசி நாற்பத்திரண்டு செகண்டையும் வெட்டித் தூக்கிடுங்களேன். கிளியரிட்டி போகக் கூடாது."

"அதுக்கு என்கோட் பண்ணவே வேண்டாம்ப்பா. காப்பி போட்டா அஞ்சு செகண்ட்ல வந்துடும். ஒரு பிக்சல்கூட மாறாது."

பேச்சு அவ்வளவுதான். நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. ஐந்து செகண்டில் வந்தது, பிக்சலும் மாறவில்லை. முன்னால் இருந்த பிக்சல்களும் கோப்பை விட்டுப் போகாமல் அப்படியே இருந்ததுதான் சிக்கல்.

பதிவு ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் எடுத்தது. 11 நிமிடம் 40 செகண்ட், 1920க்கு 1080, செகண்டுக்கு 30 ஃபிரேம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விடுப்பு எப்படிப் பதிவது என்று காட்டும் வீடியோ. தொடக்கத்தில் திரையின் வலது ஓரத்தில் ஒரு சிறிய விண்டோவில் சம்பளப் பட்டியல் திறந்து கிடந்தது. பேசுபவர் அதைக் கவனித்து 17.6ஆவது செகண்டில் மூடிவிட்டார். "வணக்கம்" என்று தொடங்கியது 18ஆவது செகண்டுக்குப் பிறகு. ஆக, 18இல் வெட்டினால் பட்டியல் போய்விடும் என்று யாருக்கும் தோன்றும்.

வீடியோவை வெட்டவும் சுருக்கவும் உதவும் `ffmpeg` கருவியில் போட்ட கட்டளை:

```
ffmpeg -ss 18 -i leave.mp4 -t 640 -c copy leave_cut.mp4
```

`-c copy` என்றால் படத்தைப் பிரித்து மீண்டும் சுருக்காமல், ஏற்கெனவே சுருக்கி வைத்த பொட்டலங்களை அப்படியே புதுக் கோப்புக்கு மாற்றுவது. வேகத்துக்கும் தரம் குறையாததற்கும் காரணம் அதுவே. வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. அவ்வப்போது ஒரு கீஃபிரேம் முழுப் படமாக இருக்கும். இடையில் வருபவை 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள் மட்டுமே. அதனால் கீஃபிரேம் இல்லாத இடத்தில் காப்பி வெட்டு தொடங்கினால், படத்தைக் கட்டியெழுப்ப அடித்தளம் இருக்காது. `ffmpeg` பின்னோக்கிப் போய், முந்தைய கீஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரை அதன் போக்கில் விட்டால், இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவில் 250 ஃபிரேம் வரை போகலாம். செகண்டுக்கு 30 என்றால் அது 8.33 செகண்ட். காட்சி சட்டென முழுதாக மாறினால் என்கோடர் தானாகவே நடுவில் ஒரு கீஃபிரேம் வைக்கும். சினிமாவில் அது அடிக்கடி நடக்கும். திரைப்பதிவில் பெரும்பாலும் கர்சர் மட்டும்தான் நகர்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன விண்டோ மூடியதை அது காட்சி மாற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே இந்தப் பதிவில் கீஃபிரேம்கள் 0, 8.33, 16.67, 25 என்று வரிசையாக நின்றன. 18இல் வெட்டச் சொன்னதற்குக் கோப்பு 16.67இலிருந்து தொடங்கியது. பட்டியல் 17.6 வரை திறந்திருந்ததால், அது தெரியும் 28 ஃபிரேம்கள் உள்ளே இருந்தன.

இதைக் கோப்பைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எம்பி4 கோப்பில் எடிட் லிஸ்ட் என்று ஒரு பகுதி உண்டு. 'முதல் 1.33 செகண்டைக் காட்டாதே, அதன் பிறகு தொடங்கு' என்று அதில் எழுதிவைத்துவிடுகிறது `ffmpeg`. அதை மதிக்கும் பிளேயரில் வீடியோ சரியாக "வணக்கம்" என்ற இடத்தில் தொடங்கும். அனுப்பும் முன் திறந்து பார்த்தேன், சரியாகத்தான் தொடங்கியது. அந்தக் குறிப்பை மதிக்காத மென்பொருளில் திறந்தால் மறைத்த பகுதியும் ஓடும். குழுவில் ஒருவரிடம் அப்படித்தான் ஓடியது. ஒரு செகண்டுக்கும் குறைவு. ஆனால் நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் எண்களைப் படிக்க அது தாராளம்.

பார்க்காமல் அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது என்பதை இன்றும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கவில்லை என்பதும் உண்மை. எடிட் லிஸ்ட்டைப் புறக்கணித்து முதல் ஃபிரேமை வெளியே எடுக்க ஒரு வரி போதும்:

```
ffmpeg -ignore_editlist 1 -i leave_cut.mp4 -frames:v 1 first.png
```

`first.png`இல் சம்பளப் பட்டியல் பளிச்சென்று நின்றது. வெட்டுவதற்கு முன்பே கீஃபிரேம்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டிருக்கவும் முடியும்:

```
ffprobe -v error -select_streams v -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 leave.mp4
```

நொடிக் கணக்கில் ஒரு பட்டியல் வரும். வெட்டும் இடம் அதிலுள்ள ஓர் எண்ணோடு சரியாகப் பொருந்தினால் காப்பி வெட்டில் மிச்சம் எதுவும் ஒளிந்துகொள்ளாது. நம் பதிவில் அடுத்த வாய்ப்பு 25ஆவது செகண்ட். அங்கே வெட்டியிருந்தால் "வணக்கம்" போயிருக்கும், பேசுபவர் தன் பெயரைச் சொல்வதும் போயிருக்கும். வெட்டச் சொன்னவர் அதற்கு ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு கதை.

முடிவுப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஓடிக்கொண்டிருப்பதை எங்கே நிறுத்தினாலும் அதற்கு முன்னால் உள்ள அடித்தளம் கோப்பிலேயே இருக்கிறது. அங்கே வேறொரு பள்ளம் உண்டு. `-ss`ஐ `-i`க்கு முன்னால் போட்டுவிட்டு, `-to 658` என்பதை `-i`க்குப் பின்னால் போட்டால், நேரம் பூஜ்யத்திலிருந்து புதிதாக எண்ணப்படும். 658ஆவது செகண்டில் நிற்காமல், 658 செகண்ட் நீளமுள்ள வீடியோ கிடைக்கும். கடைசியில் வெட்ட நினைத்த 42 செகண்டில் 18 செகண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். ரெக்கார்டிங்கை நிறுத்த ஓபிஎஸ் விண்டோவைத் தேடும் நேரத்தில்தான் டெஸ்க்டாப்பில் உள்ளதெல்லாம் தெரியும் என்பதால், இது சின்ன விஷயம் அல்ல. `-t 640` என்று நீளத்தைச் சொல்லலாம், அல்லது `-to`வையும் `-i`க்கு முன்னால் வைக்கலாம்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. என்கோட் வேண்டாம் என்று நான் மிச்சம் பிடித்த நேரம் மிச்சமே ஆகவில்லை. மூலக் கோப்பு ஏறத்தாழ 233 எம்.பி.: படத்துக்கு 2500, ஒலிக்கு 160, ஆக செகண்டுக்கு 2660 கிலோபிட். அதை 700 செகண்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் அந்த எண் வரும். இருபுறமும் வெட்டிய பின்னும் 213 எம்.பி.க்குக் குறையவில்லை. ஜிமெயிலில் இணைக்க 25 எம்.பி.தான் எல்லை. ஆகவே எப்படியும் மீண்டும் என்கோட் செய்தே ஆக வேண்டும். 'முதலில் வெட்டியதைப் பார்த்துச் சொல்லட்டும், சுருக்குவதைப் பிறகு செய்யலாம்' என்று அந்தப் பெரிய கோப்பின் இணைப்பைக் குழுவில் போட்டதுதான் நான் எடுத்த முடிவு. அரை மணி கழித்துப் போட்ட சுருக்கிய கோப்பில் பட்டியல் இல்லை. என்கோட் செய்யும்போது `ffmpeg` எல்லா ஃபிரேமையும் விரித்து, வெட்டுக்கு முந்தியவற்றை வீசிவிட்டு, 18ஆவது செகண்டிலேயே புதுக் கீஃபிரேம் வைக்கிறது. முதலிலேயே இதை ஒரே வரியில் செய்திருக்கலாம்:

```
ffmpeg -ss 18 -to 658 -i leave.mp4 -vf fps=15 \
 -c:v libx264 -crf 26 -preset slow -pix_fmt yuv420p \
 -c:a aac -ac 1 -b:a 64k -movflags +faststart leave_small.mp4
```

640 செகண்டை 25 எம்.பி.க்குள் அடைக்க, படமும் ஒலியும் சேர்ந்து செகண்டுக்கு 312 கிலோபிட்டைத் தாண்டக் கூடாது. ஒரே மைக்கில் பேசிய குரலுக்கு மோனோவில் 64 கிலோபிட் போதும். அது 5 எம்.பி. எடுத்துக்கொள்ளும். மீதி 20 எம்.பி. படத்துக்கு. திரை பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் அது தாங்கும். விண்டோ திறப்பது, மெனு விரிவது போன்றவற்றுக்குச் செகண்டுக்கு 15 ஃபிரேம் போதும், வேகமாக ஸ்க்ரோல் செய்யும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாவித் தாவித் தெரியும். தரத்தைத் தீர்மானிக்கும் `-crf` எண்ணை ஆறு கூட்டினால் அளவு ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. கோப்பு இன்னும் பெரிதாக இருந்தால் 26ஐ 28 ஆக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் வெளிர்சாம்பல் நிறத்தில் உள்ள சிறிய எழுத்துகள் முதலில் கரையும்.

அளவைக் குறைக்கப் பலரும் முதலில் கை வைப்பது 1080ஐ 720 ஆக்குவதில். திரைப்பதிவில் அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மூன்று பிக்சல் இரண்டாகச் சுருங்கும்போது ஒற்றை பிக்சல் தடிமனுள்ள எழுத்துக் கோடுகள் பக்கத்துப் பிக்சலோடு கலந்து மங்கும். ஆங்கிலம்கூடப் பரவாயில்லை, ஒரே வடிவத்தில் சின்னச் சுழி மட்டும் வேறுபடும் நம் எழுத்துகளில் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல் ஆகிவிடும். `yuv420p` நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் வைக்கும் என்பதால், கறுப்புப் பின்னணியில் சிவப்பில் வரும் பிழைச்செய்தியின் ஓரங்கள் கசியும். `yuv444p` போட்டால் கசியாது, ஆனால் பல ஃபோன்களில் வீடியோ ஓடவே ஓடாது. ஓடும் வீடியோ வேண்டும் என்றால் கசிவோடு வாழ வேண்டியதுதான். சரிபார்க்க முழு வீடியோவையும் பார்க்க வேண்டாம். மிகச் சிறிய எழுத்து வரும் ஓர் இடத்தையும் ஸ்க்ரோல் செய்யும் ஓர் இடத்தையும் நூறு சதவீத அளவில் நிறுத்திப் பார்த்தால் போதும். `+faststart` கோப்பின் உள்ளடக்க அட்டவணையை முன்னால் கொண்டுவருகிறது. அதனால் முழுதாக இறங்கும் முன்பே இணைப்பில் ஓடத் தொடங்கும்.

இத்தனைக்கும் காப்பி வெட்டு தவறான முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டி எறிவது வெறும் மௌனமாகவோ "ஹலோ, கேக்குதா?" ஆகவோ இருந்தால், கோப்பில் 1.33 செகண்ட் ஒளிந்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். வெட்டச் சொன்னவர் எதற்காக வெட்டச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா? எடிட் லிஸ்ட் பற்றி அன்றே எனக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் சம்பளப் பட்டியலோடு சேர்த்து யோசித்திருப்பேனா என்பதுதான் நிச்சயமில்லை.

இணைப்பை அழித்தோம். அதற்குள் மூன்று பேர் கோப்பை இறக்கியிருந்தார்கள். அவர்களிடம் "பழையதை அழிச்சிடுங்க, புதுசு சின்ன சைஸ்ல இருக்கு" என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொன்னால், பார்க்காதவரும் தேடிப் பார்ப்பார்.