பக்குவமும் அவன் தருவதா?

"சேர், மலபரிபாகம் வந்த பிறகுதான் சத்திநிபாதம் எண்டா, அருளும் ஒரு சம்பளம்தானே?"

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் ஒப்பீட்டுச் சமய வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டார். உயிரைப் பிணித்திருக்கும் மலம் என்ற அழுக்கு பழுப்பது மலபரிபாகம், அதன்பின் இறையருள் உயிரில் பதிவது சத்திநிபாதம். "பழுக்க வைக்கிறதும் அவன்தான் பிள்ளை" என்றேன். சைவ சித்தாந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆணவம் என்ற அந்த மலத்தை உயிர் தன் முயற்சியால் கனியவைப்பதில்லை. இறைவனின் திரோதான சத்தி மறைந்து நின்று, உயிரை வினைப்பயனில் ஈடுபடுத்தி மலத்தின் வலிமையைத் தேய்க்கிறது. மலம் பழுத்ததும் அதே சத்தி அருட்சத்தியாகப் பதிகிறது. ஆகவே பக்குவத்தைக் காட்டி அருளைக் கேட்க முடியாது. பக்குவமே அவன் செய்த வேலை.

அவர் விடவில்லை. "அப்ப ஒராளுக்கு முந்தியும் இன்னொராளுக்குப் பிந்தியும் ஏன்?"

சூரியன் எல்லாத் தாமரைக்கும் ஒன்றுதான், மொட்டின் நிலைக்கேற்ப ஒவ்வொன்றும் விரிகிறது என்ற மரபுவழி விளக்கத்தைச் சொன்னேன். மனதில் உறுத்துவது இதுதான். இறைவன் பாரபட்சம் உள்ளவன் என்ற குற்றச்சாட்டை அது நீக்குகிறது. ஆனால் வேற்றுமையை மறுபடி உயிரின் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு முன் உயிரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அனாதியாகவே மலத்தின் பிணிப்பு உயிருக்கு உயிர் வேறுபடும் என்று சித்தாந்திகள் சொல்வார்கள். அது கேள்வியைப் பின்தள்ளுகிறதே தவிர, முடிக்கவில்லை.

கிறிஸ்தவத்தில் இதே முடிச்சு 529இல் ஓரஞ்ச் நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் வந்தது. தூய்மையாக நாம் விரும்பும்வரை கடவுள் காத்திருக்கிறார் என்ற கருத்தைச் சங்கம் மறுத்தது. அந்த விருப்பமே தூய ஆவியின் செயல் என்றது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபைதான். பெருமை பேச அங்கே இடமே இல்லை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: ஒருவர் விரும்புகிறார், இன்னொருவர் விரும்பவில்லை என்றால் அதன் காரணம் கடவுளிடமே போய் நிற்கும். தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறிக்கவில்லை என்று அதே சங்கம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சூஃபிகளிடம் முதலில் ஒரு தெளிவான பங்கீடு தெரியும். 11ஆம் நூற்றாண்டின் குஷைரி, மகாம் என்ற ஆன்மீகப் படிநிலை உழைப்பால் அடைவது, ஹால் என்ற உள்ளத்தின் நிலை கொடையாக இறங்குவது என்று பிரிக்கிறார். உழைப்புக்கும் கொடைக்கும் தனித்தனி அறை! ஆனால் மகாம்களில் முதலில் வைக்கப்படும் தவ்பாவை, அதாவது பாவத்தை விட்டு இறைவனிடம் மீள்வதை, எடுத்துப் பாருங்கள். அவர்கள் மீள்வதற்காக அல்லாஹ்வே முதலில் அவர்கள் பக்கம் மீண்டான் என்கிறது குர்ஆன் 9:118. உழைப்பின் முதற்படியிலேயே கொடை நுழைந்துவிட்டது.

இந்த வசனத்தை அந்த மாணவிக்குச் சொல்லியிருக்கலாமோ என்று சில நேரம் தோன்றும். சொல்லியிருந்தாலும், "ஏன் எல்லாருக்கும் முதலில் மீளேல்லை?" என்றுதான் கேட்டிருப்பார்.

சித்தாந்தப் பாடத்தை இப்போதும் திரோதானத்திலிருந்துதான் தொடங்குகிறேன். தாமரையை அதற்குப் பின்பே எடுக்கிறேன். எடுக்காமலே விட்ட வகுப்புகளும் உண்டு.